நிர்வாகியின் அறிமுகக் குறிப்பு எதைச் சொல்ல வேண்டும்?

மருத்துவமனை நிர்வாகியின் அறிமுகக் குறிப்பில் "செயல்திறனை உயர்த்தியவர்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் விளங்காது. என்ன மாறியது என்பதைச் சொல்ல வேண்டும்.

டிஸ்சார்ஜை எடுத்துக்கொள்வோம். காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கணக்கு, பில், காப்பீட்டு ஒப்புதல் எல்லாம் முடிந்து நோயாளி கிளம்பப் பல இடங்களில் மாலையாகிவிடும். அதுவரை அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் இன்னொருவர் காத்திருப்பார்.

இதைச் சரிசெய்தவரைப் பற்றி, கற்பனை எண்களோடு, இப்படி எழுதலாம்: "200 படுக்கை மருத்துவமனையில், மருத்துவர் அனுமதித்ததிலிருந்து நோயாளி கிளம்பும் வரையான சராசரி நேரம் ஓராண்டில் 6 மணியிலிருந்து 3 மணியானது. முந்தின நாள் மாலையே சம்மரியைத் தயாரிக்கும் முறையை வார்டு செவிலியர்களோடு சேர்ந்து வகுத்தார். 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்களின் விகிதம் கூடவில்லை."

முதல் வாக்கியத்தில் பழைய அளவும் புதிய அளவும் காலமும் இருக்கின்றன. இரண்டாவது, பணியாளர்களை அவர் எப்படி நடத்துகிறார் என்பதைக் காட்டுகிறது. மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். அவசரமாக அனுப்பிவைத்தும் நேரத்தைக் குறைத்துவிடலாம். அப்படிச் செய்திருந்தால் அது பெரும்பாலும் இந்த விகிதத்தில் தெரியும். நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர், அந்த மூன்றாவது வாக்கியம் இல்லாத குறிப்பைக் கண்டால் அதைக் கேட்டு வாங்குங்கள்.