கலங்காத ஐஸ் டீ

சூடாக வடித்தபோது தெளிவாக இருந்த கறுப்பு டீ, ஃபிரிட்ஜில் சில மணி நேரம் இருந்ததும் செம்மண் கரைந்த தண்ணீர் போலக் கலங்கிவிடும். பலர் அதைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். அது கெடவில்லை. டீயில் உள்ள கஃபீனும், அதற்கு நிறமும் துவர்ப்பும் தரும் பாலிஃபீனால்களும் சூடான நீரில் தனித்தனியே கரைந்திருக்கும். நீர் குளிர்ந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நுண்துகள்களாகத் திரளும். இந்தக் கலங்கலை டீ சுவைஞர்கள் 'கிரீம்' என்பார்கள்.

கிரீம் எவ்வளவு திரளும் என்பது டிக்காஷனின் அடர்த்தியையும் அது குளிரும் வேகத்தையும் பொறுத்தது. டீ எவ்வளவு திடமோ அவ்வளவு கலங்கல். கொதிக்கக் கொதிக்க ஐஸ் மேல் ஊற்றினாலும், ஆறுவதற்குள் ஃபிரிட்ஜில் திணித்தாலும் கலங்கல் கூடும். கால்சியம் மிகுந்த உப்புத் தண்ணீர் இதை இன்னும் மோசமாக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் மங்கலாக வரும் டீ, வடிகட்டிய குடிநீரில் தெளிந்து வருவதற்கு அதுவே காரணம்.

இலையும் முக்கியம். தெருமுனைக் கடையில் பால் டீக்குப் போடும் டஸ்ட் தூள், சீக்கிரம் சாறு இறங்குவதற்காகவே நொறுக்கப்பட்டது. பாலுக்கு அந்த வேகம் வேண்டும். ஐஸ் டீக்கு அதுதான் வினை. முழு இலையாகச் சுருட்டிக் காயவைத்த ஆர்த்தடாக்ஸ் டீ நிதானமாக இறங்கும். அதிலும் குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் விளையும் நீலகிரி டீ, குளிர்ந்தாலும் பெரும்பாலும் கலங்காது என்று உலகச் சந்தையில் பெயரெடுத்தது. ஐஸ் டீயை அதிகம் குடிக்கும் அமெரிக்காவில் அதை விரும்பி வாங்குவதற்கு இந்தக் குணம் ஒரு காரணம். அந்த மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கும் நாம் அதை ஒருமுறையாவது இப்படிக் குடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டருக்குச் செய்முறை இதுதான். அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, எட்டு கிராம் இலையைப் போட்டு மூடிவிட வேண்டும். இலையின் பருமனைப் பொறுத்து அது நான்கு டீஸ்பூன் வரை வரும். நான்கு நிமிடத்தில் வடித்துவிடலாம். இலையை அடுப்பில் கொதிக்கவிடுவதும், வடிகட்டியில் தங்கியதைக் கரண்டியால் அழுத்திப் பிழிவதும் கசப்பைக் கூட்டும். வடித்ததும் அரை லிட்டர் சாதாரணத் தண்ணீரைச் சேர்த்தால் அடர்த்தி உடனே குறையும். கை பொறுக்கும் சூட்டைத் தாண்டி நன்றாக ஆறிய பிறகே ஃபிரிட்ஜ். ஐஸ் கட்டி கிளாஸில் மட்டும்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதே அளவு இலையை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் போட்டு, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் வடித்துக்கொள்ளலாம். குளிர்ந்த நீர் கஃபீனையும் துவர்ப்பையும் குறைவாகவே இழுக்கும். அதனால் கசப்பு ஏறாது, கிரீமும் அநேகமாகத் திரளாது. வாசனை மெலிதாகத்தான் இருக்கும். மணம் தூக்கலாக வேண்டும் என்பவர்களுக்குச் சூடான முறையே சரி. பாத்திரத்தை வெயிலில் வைத்து டீ இறக்கும் பழக்கம் வேண்டாம். அந்த இளஞ்சூடு கிருமிகள் பெருகத் தோதானது.

இனிப்புக்குச் சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த டீயில் பாதி அடியிலேயே தங்கிவிடும். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் சேர்த்துச் சூடாக்கி, கரைந்து தெளிந்ததும் இறக்கிவிட வேண்டும். இனிப்புப் பலகாரத்துக்குப் போலக் கம்பிப் பதத்துக்கு இதைக் காய்ச்சக் கூடாது. கெட்டியானால் டீயில் எளிதாகக் கலக்காது. சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஒரு கிளாஸுக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி, நாக்குக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

பழ மணத்தையும் இந்தப் பாகிலேயே ஏற்றலாம். கமலா ஆரஞ்சின் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, இறக்கிய சூடான பாகில் இருபது நிமிடம் ஊறவிட்டு வடிக்க வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். பழத்தைச் சுளையோடு கொதிக்கவைத்தால் பெக்டின் இறங்கிப் பானம் மங்கும். சாறு வேண்டுமானால் துணியில் ஊற்றி, பிழியாமல் தானாகச் சொட்டவிடலாம். மாம்பழத்துக்கு இது பொருந்தாது. அதன் கூழ் எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும். எலுமிச்சையைக் குடிக்கும் நேரத்தில் பிழிந்தால் போதும். புளிப்பு பட்டதும் டீயின் நிறம் வெளுப்பது இயல்பு.

இத்தனைக்குப் பிறகும் கலங்கினால், ஒரு கரண்டியை மட்டும் எடுத்துச் சூடாக்கிப் பார்க்கலாம். தெளிந்தால் அது கிரீம். ஜாடியில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தெளியாவிட்டால் அது பழத்தின் கூழ் அல்லது பெக்டின். துணியில் இன்னொரு முறை வடித்தால் கூழ் நின்றுவிடும், பெக்டின் நிற்காது. ஆனால் புளித்த வாடை வந்தாலோ, நூல் போல இழுபட்டாலோ, அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.