சொல் கண்டறியும் விளையாட்டில் ஈற்றெழுத்து வினா: எழுத்திலக்கண நோக்கு

முன்னுரை

ஒருவர் மனத்தில் கொண்ட சொல்லை மற்றவர் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளைக் கொண்டே கண்டறிவது இருபது வினா விளையாட்டாகும். ஒவ்வொரு வினாவும் எஞ்சிய சொற்களைச் சரிபாதியாகப் பிரிக்குமாயின் மூன்று வினாக்களால் 8 சொற்களுள் ஒன்றையும், இருபது வினாக்களால் 10,48,576 சொற்களுள் ஒன்றையும் கண்டறியலாம். தமிழில் எழுத்து பற்றிய வினா இவ்வாறு பிரிப்பதற்கு ‘எழுத்து’ என்பதன் பொருளை இருவரும் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வகையும் எழுத்தும்

குயில், மயில், ஆந்தை, காக்கை, முயல், அணில், குதிரை, கழுதை என்னும் எட்டுச் சொற்களுள் ‘குதிரை’ மறைசொல் எனக் கொள்வோம். ‘பறவையா?’ என்னும் வகை வினாவிற்கு ‘இல்லை’ என்னும் விடை கிடைக்க, முயல், அணில், குதிரை, கழுதை ஆகிய நான்கும் எஞ்சுகின்றன. அடுத்து ‘வல்லின மெய்யில் முடியுமா?’ என வினவினால் பயனில்லை. தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வல்லின மெய் வாராது என்பதை இலக்கணமே உணர்த்திவிடுவதால் நான்கு சொற்களும் அவ்வாறே நிற்கும். ‘உயிரெழுத்தில் முடியுமா?’ என்னும் வினாவோ நான்கையும் இரண்டிரண்டாகப் பிரிக்கவல்லது.

பிழை தோன்றும் இடம்

ஆயினும் இவ்வினாவிலேயே இடர்ப்பாடு உள்ளது. மொழிமுதல் எழுத்துகளைக் கூறும்போது நன்னூல் 12 உயிர்களுடன் 10 உயிர்மெய் வருக்கங்களைச் சேர்த்து 22 என்கிறது. மொழியிறுதியிலோ உயிர்மெய்யைத் தனியே எண்ணாது, அதன்கண் உள்ள உயிரையே ஈறாகக் கொண்டு, 12 உயிர், 11 மெய், குற்றியலுகரம் என 24 என்கிறது. இதன்படி ‘குதிரை’ ஐகார உயிரீற்றுச் சொல். வரிவடிவை மட்டும் நோக்குபவர் ‘ரை’ உயிர்மெய் என்பதால் ‘இல்லை’ என விடையளிப்பார். அவ்விடையால் குதிரையும் கழுதையும் நீங்கிவிடும். அடுத்து ‘உயிரெழுத்தில் தொடங்குமா?’ என வினவ, ‘இல்லை’ என்னும் சரியான விடை அணிலை நீக்கி, முயலை மட்டும் எஞ்சச் செய்யும். விடைகளுக்குள் முரண் எதுவும் வெளிப்படாமையால் வினவுபவர் பிழையை அறியாமலே தவறான சொல்லைக் கூறிவிடுவார்.

‘மெய்யெழுத்தில் முடியுமா?’ என்னும் மாற்று வினாவிற்கு இடையில் ‘இல்லை’ என்னும் விடை வருமாயின், எஞ்சிய பட்டியலில் எச்சொல்லும் நில்லாது. பிழை அப்பொழுதே புலனாகும்.

முடிவுரை

ஈற்றெழுத்தை ‘மெய்யெழுத்தில் முடியுமா?’ எனத் தொடக்கத்திலேயே வினவுதல் தக்கது. இறுதியில் புள்ளி உண்டா என்பதை இலக்கணம் கற்றவரும் கல்லாதவரும் ஒரே வகையில் காண்பர். இவ்வினாவிற்கு ‘இல்லை’ என்னும் விடை வர, குதிரையும் கழுதையும் எஞ்சும். ‘முதலெழுத்தில் உகரம் உண்டா?’ என்னும் மூன்றாம் வினா குதிரையை உறுதிப்படுத்தும்.