அரைப் புள்ளிக்குப் பின்னே இருக்கும் கணக்கு

ரவுண்ட் ராபின் தொடர் எதுவும் கடைசிச் சுற்றை நெருங்கினால் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: இருவரும் சமப் புள்ளியில் இருக்கும்போது ஒருவர் மட்டும் எப்படி முதலிடம்? 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் தொடரில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் தலா 4.5 புள்ளியில் முடித்து, டை-பிரேக்கில் குகேஷுக்குப் பட்டம் போனது முதல் இந்தக் கேள்வி ஓயவில்லை. இன்னொரு கடைசிச் சுற்றுக்கு முன் பதில் சொல்லிவிடுவது நல்லது.

டை-பிரேக் விதிகள் பல. அவற்றில் அதிகக் குழப்பம் தருவது சோன்னபோர்ன்–பெர்கர் முறை. தோற்கடித்த எதிராளி தொடரில் எடுத்த மொத்தப் புள்ளியை முழுதாகவும், டிரா செய்த எதிராளியின் புள்ளியில் பாதியையும் கூட்ட வேண்டும். தோல்விக்கு ஒன்றுமில்லை. "வலுவான ஆட்டக்காரர்களை வென்றவருக்கு உரிய மதிப்பு" என்றே அமைப்பாளர்கள் இதை விளக்குவார்கள். அந்த விளக்கம் பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பார்க்க, செஸ் வரலாற்றின் மிக வலுவான தொடர்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1938 நவம்பரில் நெதர்லாந்தின் ஆவ்ரோ வானொலி நிறுவனம் எட்டுப் பேரை அழைத்து நடத்திய தொடர் அது. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் இரண்டு முறை ஆட வேண்டும். 14 சுற்று முடிவில் எஸ்தோனியாவின் பால் கெரெஸும் அமெரிக்காவின் ரூபன் ஃபைனும் தலா 8.5. பொட்வின்னிக் 7.5. ஏவ், ரெஷெவ்ஸ்கி, உலக சாம்பியன் அலெகைன் மூவரும் தலா 7. கபாபிளாங்கா 6. கடைசியில் ஃப்ளோர் 4.5.

ஒரே புள்ளி என்றாலும் இருவரும் வந்த வழி வேறு. கெரெஸ் 3 வெற்றி, 11 டிரா, தோல்வியே இல்லை. ஃபைன் 6 வெற்றி, 5 டிரா, 3 தோல்வி. அலெகைனை இரண்டு முறையும் வீழ்த்தியவர் அவர். வலுவானவர்களை வென்றவருக்கு மதிப்பு என்று கேட்டவுடன் ஃபைனின் பெயர்தான் மனதில் வரும்.

கணக்கு வேறு சொல்கிறது. கெரெஸின் சோன்னபோர்ன்–பெர்கர் எண் 58.25, ஃபைனுடையது 56.25.

அந்த 2 எங்கிருந்து வந்தது என்று ஒவ்வோர் எதிராளியாகப் பார்த்தால் விஷயம் திறந்துகொள்ளும். அலெகைனிடம் ஃபைன் இரண்டு புள்ளி எடுத்தார், கெரெஸ் இரண்டு டிராவில் ஒன்று. அலெகைனின் எடை, அதாவது அவர் தொடரில் எடுத்த புள்ளி, 7 என்பதால் இங்கே ஃபைனுக்கு 7 லாபம். பொட்வின்னிக்கிடம் ஃபைன் ஒன்றரை, கெரெஸ் ஒன்று, மேலும் 3.75 ஃபைன் பக்கம். ஃப்ளோரிடமும் அப்படியே, 2.25. மறுபுறம் ரெஷெவ்ஸ்கியிடமும் கபாபிளாங்காவிடமும் கெரெஸ் அரைப் புள்ளி கூடுதலாக எடுத்ததால் 3.5, 3 என்று அவர் பக்கம் சேர்கிறது. ஏவிடம் இருவருக்கும் சமம். இதுவரை பார்த்தால் ஃபைன் 6.5 முன்னிலையில் இருக்கிறார்.

எஞ்சியிருப்பது இருவரும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்கள். ஒன்றில் கெரெஸ் வென்றார், மற்றது டிரா. எதிராளி ஃபைனின் எடை 8.5. அதில் கெரெஸுக்கு 12.75, ஃபைனுக்கு 4.25. ஒரே ஜோடியில் 8.5 வித்தியாசம், அது 6.5-ஐ விழுங்கிவிட்டு 2-ஐ மிச்சம் வைத்தது. முதலிடத்தைப் பங்கிடும் இருவரில் ஒருவர் மற்றவரை வென்றிருந்தால், அந்த ஆட்டமே இந்த முறையில் மிகக் கனமானது. 'நேருக்கு நேர்' விதியை முதலில் வைத்தாலும் கெரெஸ்தான் வருவார். அதிக வெற்றி என்ற விதியை வைத்திருந்தால் ஆறுக்கு மூன்று என்று ஃபைன் எளிதாக வந்திருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எடை என்பது பெயரோ ரேட்டிங்கோ அல்ல, இந்தத் தொடரில் எடுத்த புள்ளி மட்டுமே. உலக சாம்பியனான அலெகைனுக்கும் ஏவுக்கும் எடை ஒன்றே. முன்னாள் சாம்பியன் கபாபிளாங்காவை வெல்வது அவர்களை வெல்வதைவிடக் குறைவாகவே எண்ணப்படும். அந்த வாரம் ஃபார்ம் இல்லாத பெரிய ஆட்டக்காரர், இந்தக் கணக்கில் பலவீனமான ஆட்டக்காரரே.

அமைப்பாளர்கள் சொல்லாத அந்த மீதிப் பாதி இதுதான். ரவுண்ட் ராபினில் சமப் புள்ளியில் நிற்கும் இருவருக்கும் எதிராளிகளின் எடை மொத்தம் ஒன்றே. ஆவ்ரோவில் அது 47.5, இரண்டு முறை ஆடியதால் 95. அதில் நீங்கள் ஈட்டியது போக மிஞ்சுவது, நீங்கள் விட்டுக்கொடுத்த அரைப் புள்ளிகளின் எடை. கெரெஸ் விட்டது 36.75, ஃபைன் விட்டது 38.75. அதே 2 தான். ஆக, வலுவானவர்களிடம் ஈட்டியதைப் பாராட்டுவதும் பலவீனமானவர்களிடம் இழந்ததை மன்னிப்பதும் இங்கே ஒரே எண்ணின் இரண்டு பக்கங்கள். கெரெஸ் கடைசி இடத்து ஃப்ளோருடன் இரண்டு டிரா செய்தார். ஃப்ளோரின் எடை சிறிது என்பதால் அந்த இழப்பு மலிவாகவே விழுந்தது. இரண்டாம் இடத்தவரை வென்று கடைசி இடத்தவரிடம் தோற்றவர், அதற்கு நேர்மாறாகச் செய்தவரை முந்துவார். கடைசி இடத்தவரிடம் தோற்பதை ஏன் சலுகையோடு பார்க்க வேண்டும்? இதற்கு நியாயமான பதிலை நான் எங்கும் படிக்கவில்லை.

என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று. உங்கள் எண் உங்கள் கையில் இல்லை. ஆவ்ரோவில் அலெகைனும் கபாபிளாங்காவும் ஆடிய இரண்டில் ஒன்று டிரா. அதை அலெகைன் வென்றிருந்தால் அவர் 7.5, கபாபிளாங்கா 5.5. ஃபைனுக்கு அலெகைன் மூலம் ஒன்று கூடி, கபாபிளாங்கா மூலம் அரை குறையும். கெரெஸுக்கு அரை கூடி முக்கால் குறையும். இடைவெளி 2-லிருந்து 1.25 ஆகிவிடும், கெரெஸும் ஃபைனும் ஒரு காயைக்கூட நகர்த்தாமல். தொடரின் கடைசி நாளில் இழக்க ஒன்றுமில்லாத இருவர் பன்னிரண்டு நகர்த்தலில் கைகுலுக்கி எழுந்துபோவது, வேறு இருவரின் முதலிடத்தைத் தீர்மானிக்கக்கூடும். அதனால்தான் கடைசிச் சுற்றில் அந்த மற்ற மேசைகளையும் பாருங்கள் என்கிறேன். முதலிடத்தில் இருப்பவர் நேற்று வென்ற எதிராளி இன்று தோற்றால், நேற்றைய வெற்றியின் எடையும் குறையும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

புஹ்ஹோல்ஸ் ஏன் பயன்படுத்துவதில்லை? எதிராளிகளின் புள்ளிகளை அப்படியே கூட்டும் முறை அது. ரவுண்ட் ராபினில் சமமாக நிற்பவர்களுக்கு ஒரே எண்தான் வரும்.

சோன்னபோர்னும் பெர்கரும் கண்டுபிடித்ததா? இல்லை, ஏற்கெனவே இருந்த இந்த முறையை அவர்கள் விமர்சித்து, சொந்தப் புள்ளியின் வர்க்கத்தையும் சேர்க்கச் சொன்னார்கள்.

2013 லண்டன் கேண்டிடேட்ஸில் கார்ல்சன் கிராம்னிக்கை முந்தியது இதனாலா? இல்லை, இருவரும் 8.5, நேருக்கு நேர் சமம், வெற்றி எண்ணிக்கையில் ஐந்துக்கு நான்கு.

யாராவது பாதியில் விலகினால்? பாதி ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவர் முடிவுகள் இறுதி வரிசையில் எண்ணப்படாது.

மாற்று உண்டா? உண்டு, 2024 டொரோண்டோ கேண்டிடேட்ஸில் முதலிடம் சமமானால் ரேபிட் ஆட்டங்கள் என்று வைத்திருந்தார்கள், குகேஷ் 9 புள்ளியுடன் தனியாக முதலில் வந்ததால் அதற்குத் தேவை வரவில்லை.