மழையில் வந்து பாருங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வீட்டுமனை நோட்டீஸ்கள் செய்தித்தாளுக்குள் மடிந்து வரத் தொடங்கிவிடும். 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்', 'இரண்டே ஆண்டில் இரு மடங்கு', 'இன்று புக் செய்தால் தங்கக் காசு', 'இலவச வேன், மதிய உணவு'. இத்தனை இருந்தும், அந்த இடத்தை இந்த மாதம் ஏன் நேரில் பார்க்க வேண்டும் என்று எந்த நோட்டீஸும் சொல்வதில்லை.

சொல்லக் காரணம் இருக்கிறது. ஐப்பசி அடைமழை மாதம். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். தண்ணீர் எங்கே தேங்கும், எந்தப் பக்கம் வடியும், சாலை சேறாகுமா என்பதெல்லாம் மழையில்தான் தெரியும். ஆகவே பண்டிகை அழைப்புக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சென்னைப் புறநகரில் 42 மனைகள் கொண்ட ஒரு மனைப்பிரிவை வைத்து, அப்படி ஓர் அழைப்பை எழுதிப் பார்ப்போம். இது கற்பனை மனைப்பிரிவுதான்.

"ஐயா, அம்மா, வணக்கம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை 9 மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து வேன் புறப்படும். மழை பெய்தாலும் வரும், பெய்தால் நல்லது. 31 முதல் 34 வரையுள்ள மனைகள் தாழ்வான மூலையில் இருக்கின்றன. போன ஐப்பசியில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் ஒரு நாள் நின்றது. இந்தக் கோடையில் வடிகால் கட்டினோம். வடிகிறதா என்று நீங்களே பாருங்கள். நிலையத்திலிருந்து சாலை வழியாக 4.2 கிலோமீட்டர். வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. தெருவிளக்குக் கம்பங்கள் நட்டாயிற்று. மின் இணைப்பு இன்னும் வரவில்லை. அன்று பணம் எதுவும் வாங்க மாட்டோம்."

இந்தக் கடிதத்தில் ஒரு புகழ்ச்சிச் சொல் கூட இல்லை. ஆனால் வருபவருக்கு அங்கே பார்க்க வேலை இருக்கிறது. தாழ்வான மூலைக்குப் போய் நிற்பார். பக்கத்துச் சுற்றுச்சுவரில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். கோரைப்புல் அடர்ந்திருந்தால் அங்கே ஈரம் நெடுநாள் நிற்கிறது என்று அறிவார். தெருமுனை டீக்கடையில் விசாரிப்பார். '5 நிமிடம்' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, 4.2 கிலோமீட்டரை வண்டியிலேயே அளந்துவிடலாம்.

மழைக்காலம் மறைப்பதையும் அழைப்பு சொல்லிவிட வேண்டும். ஐப்பசியில் கிணறு நிறைந்திருக்கும். அதைக் காட்டி 'வற்றாத நிலத்தடி நீர்' என்பது ஏமாற்று. 'கிணற்றில் தண்ணீர் இப்போது எட்டடியில் தெரியும். மே மாதம் இருபத்தைந்து அடிக்கு இறங்கிவிட்டது' என்று எழுதினால், வருபவர் சரியான கேள்வியோடு வருவார்.

அடுத்தது தங்கக் காசு. 1,200 சதுர அடி மனை, சதுர அடி 1,800 ரூபாய் என்றால் மொத்தம் 21,60,000 ரூபாய். காசின் விலையும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது. நேர்மையான அழைப்பு, 'காசு வேண்டாம் என்பவருக்கு அந்தத் தொகையை விலையில் கழித்துத் தருகிறோம்' என்று எழுதும். அப்படிக் கழிக்க மறுத்தால் அதைச் சலுகை என்று சொல்வதில் பொருளில்லை.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, பதிவு செய்த திட்டத்தின் விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு விவரமும் தெளிவாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு விற்பவர் ஈடு தர வேண்டும். அவர் விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. நம் கணக்கில் அது 2,16,000 ரூபாய். ஆக, 'இரு மடங்கு' என்று அச்சிடுபவர் தமக்கு எதிரான சாட்சியைத் தாமே வீடுவீடாக அனுப்புகிறார்.

அழைப்போடு பட்டாவின் நகல், வில்லங்கச் சான்று, ஒப்புதல் பெற்ற வரைபடம் மூன்றையும் இணைத்துவிட்டால், வருபவர் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லைக் கற்களை எண்ணலாம். வரைபடத்தில் பூங்கா என்றிருக்கும் இடத்தில் மனைக்கற்கள் நட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் நின்ற நான்கு மனைகளைச் சொல்லிவிட்டால் அவை விற்காதே என்று விற்பனைப் பிரிவினர் அஞ்சலாம். அவற்றின் விலையைக் குறைத்து, காரணத்தையும் எழுதினால், மண் அடித்து உயர்த்திக்கொள்கிறேன் என்று கணக்குப் போட்டு வாங்குபவர் இருப்பார். தெரிந்து வாங்கியவர் அடுத்த மழையில் தண்ணீரைப் பார்த்து வழக்குப் போட மாட்டார். குடை பிடித்துக்கொண்டு வடிகாலைத்தான் பார்ப்பார்.