22 கிலோவாட் கம்பத்தில் 7 கிலோவாட் கார்

நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் '22 கிலோவாட் ஏசி' என்று எழுதிய சார்ஜிங் கம்பம் நிற்கிறது. மின்காரைச் செருகினால் திரையில் 7 கிலோவாட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கோளாறு என்று நினைத்துப் பக்கத்துக் கம்பத்துக்கு மாற்றினாலும் அதே 7தான். கம்பத்தில் குறை ஒன்றும் இல்லை. வரம்பு காருக்குள் இருக்கிறது.

பேட்டரி டிசி மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். மின்வாரியம் தருவதோ ஏசி. ஏசி சார்ஜிங்கில் அதை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். கம்பமும் வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியும் மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் திறந்து மூடுவதோடு சரி. ஆன்போர்டு சார்ஜரைப் பெரிதாக்கினால் எடையும் விலையும் கூடும். அதனால் இங்கே ஓடும் பல கார்களில் ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் 7.2 கிலோவாட் சார்ஜரே இருக்கிறது. அந்த 22 கிலோவாட் என்பது மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளும் சேர்ந்த கணக்கு. ஒருமுனைக் கார் அதில் ஒரு முனையைத்தான் எடுக்கும். 230 வோல்ட்டை 32 ஆம்பியரால் பெருக்கினால் ஏழே கால் கிலோவாட்டுக்குச் சற்று மேலே வரும்.

டிசி நிலையத்தில் மாற்றும் வேலை காருக்கு வெளியே, அலமாரி அளவுள்ள பெட்டியில் நடக்கிறது. இடமும் எடையும் அங்கே பிரச்சினை இல்லை என்பதால் 60, 120 கிலோவாட் என்று போக முடிகிறது. ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல் மின்சாரம் நேரே பேட்டரிக்குப் போகும். ஆனால் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்பது காரின் பேட்டரி மேலாண்மைக் கணினிதான். 50 கிலோவாட் தாங்கும் காருக்கு 120 கிலோவாட் நிலையமும் 50தான் தரும்.

40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே போக வேண்டியது 24 யூனிட். மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 27 யூனிட் போல ஓடும். வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் இதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 7.2 கிலோவாட் பெட்டியில் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். அதே கார் டிசியில் ஏறக்குறைய முக்கால் மணியில் கிளம்பிவிடும். ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் செல்கள் சேதமாகாமலிருக்க கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மீதி 20 சதவீதத்துக்காக நெடுஞ்சாலையில் காத்திருப்பது, என் பார்வையில், வீண்.

சார்ஜிங் கன்னின் வடிவம் நாட்டுக்கு நாடு மாறியதற்கு முதல் காரணம் வீட்டு மின்சாரம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீடுகளுக்கு மும்முனை மின்சாரம் வருவதில்லை. அங்கே ஐந்து பின் கொண்ட டைப் 1 போதுமானதாக இருந்தது. ஐரோப்பாவில் பல வீடுகளுக்கு மும்முனை உண்டு. அதற்காக ஜெர்மனியின் மென்னெக்கெஸ் நிறுவனம் ஏழு பின் வைத்து உருவாக்கியதுதான் டைப் 2. அந்த ஏழில் இரண்டு சிறிய பின்கள் தகவலுக்கானவை. அவை மற்றவற்றைவிடக் குட்டை. கன்னை இழுத்தால் முதலில் அவைதான் விடுபடும். உடனே மின்சாரம் நின்றுவிடும் என்பதால் பெரிய பின்கள் பிரியும்போது தீப்பொறி பறப்பதில்லை.

டிசி வந்தபோது ஜப்பான் முந்திக்கொண்டு, 2010 வாக்கில், சாடெமோ என்ற தனி கன்னைக் கொண்டுவந்தது. ஜப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த நிசான் லீஃப் கார்களின் மூக்கைத் திறந்தால் ஏசிக்கு ஒரு துளை, சாடெமோவுக்கு ஒரு துளை என இரண்டு இருக்கும். ஐரோப்பியர்கள் டைப் 2க்குக் கீழே இரண்டு தடித்த டிசி பின்களைச் சேர்த்து சிசிஎஸ் 2 ஆக்கினார்கள். சீனா தன் வழியில் ஜிபி/டி வகுத்துக்கொண்டது. டெஸ்லா ஒரே ஜோடிப் பின்னில் ஏசி, டிசி இரண்டையும் அனுப்பும் கன்னை உருவாக்கி, 2022இல் மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது.

அடாப்டர் போட்டால் தீராதா? எப்போதும் தீராது. சாடெமோவும் ஜிபி/டியும் காரோடு பேசும் முறை வேறு, சிசிஎஸ் பேசும் முறை வேறு. மொழி புரியாவிட்டால் பின் பொருந்தினாலும் மின்சாரம் வராது.

இந்தியாவும் இதில் அடிபட்டிருக்கிறது. முதலில் பாரத் டிசி 001 என்று ஜிபி/டி கன்னுடன் 15 கிலோவாட் நிலையங்கள் வந்தன. அவை தந்தது 100 வோல்ட் வரைதான். பின்னர் 300 வோல்ட்டைத் தாண்டிய பேட்டரிகளும் சிசிஎஸ் 2வும் கொண்ட கார்கள் வந்தபோது அந்த நிலையங்கள் அவற்றுக்கு உதவவில்லை.

இன்று இங்கே விற்கும் பெரும்பாலான கார்களில் சிசிஎஸ் 2தான். ஆகவே புதிதாக வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட், டிசியில் கார் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் வாங்கும். பழைய மின்கார் வாங்குபவர்கள், விலை பேசுவதற்கு முன் சார்ஜிங் மூடியைத் திறந்து எந்தத் துளை இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.