ஒலியில்லாத விளம்பரத்தில் ஒரு வரி

பேருந்தில் போனைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒலியை அணைத்தே வைத்திருக்கிறார். 15 வினாடி விளம்பரத்தில் வரும் குரல் அவருக்கு இல்லை. திரையில் ஓடும் எழுத்துதான் குரல்.

ஒரு இட்லி மாவுக் கடை விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். "இன்று ஆர்டர் செய்தால் நாளை காலையே வீட்டு வாசலுக்கு வரும்" என்பதைக் குரல் கலைஞர் இரண்டே வினாடியில் சொல்லிவிடுவார். எடிட்டர் எழுத்தையும் அதே இரண்டு வினாடிக்கு வைத்தால், பார்ப்பவர் "காலையே" வரை வந்திருப்பார், வரி மறைந்துவிடும். கண் முதலில் மாவைப் பார்க்கிறது, பிறகே எழுத்துக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கும் நேரம் வேண்டும். மூன்று வினாடியாவது கொடுக்க வேண்டும். இடமில்லையென்றால் வரியைச் சுருக்க வேண்டும். "இன்று ஆர்டர், நாளை காலை வீட்டில்" போதும். குரல் சொல்வதை அப்படியே எழுதியாக வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

அடுத்த சிக்கல் ஷாட் மாறும் இடம். ஷாட் மாறிய பிறகும் பழைய வரி நாலைந்து ஃபிரேம் ஒட்டிக்கொண்டிருந்தால், அது கண்ணை உறுத்தும். வரியை வெட்டுக்கு இரண்டு ஃபிரேம் முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது.

எழுதியவருக்கு வரி மனப்பாடம். அவர் கண்ணை நம்பக்கூடாது. ஒலியை அணைத்து, விளம்பரத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் ஒருமுறை மட்டும் காட்டி, எப்போது மாவு வரும் என்று கேளுங்கள்.