ஃபேன் எப்போது நிற்க வேண்டும்?

ஜன்னல் இல்லாத குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் கதி. வெந்நீரில் குளித்துவிட்டு வருபவர் அதைப் போட மறந்தால் கூரையில் கரும்பூஞ்சை படரும். அணைக்க மறந்தால் நாள் முழுக்க ஓடும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் டி.எச்.டி.22 சென்சார், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு ரிலே ஆகிய மூன்றும் இருந்தால் இந்த மறதிக்கு வேலை இல்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஃபேன் ஓடட்டும், குறைந்தால் நிற்கட்டும் என்பதுதான். மாட்டிப் பார்த்தால் ரிலே டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். குளியலறைக் காற்று ஒரே சீராக இருப்பதில்லை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை அளக்கும் சென்சாரில் 80.2, 79.8, 80.1 என்று எண் ஊசலாடும். அதோடு ஃபேனும் ஆடும். இந்த வகைச் சின்ன ரிலேக்கள் முழுச் சுமையில் சுமார் ஒரு லட்சம் முறை மாறும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குக் கொடுப்பார்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை அடித்தால் அது பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

மாடித் தொட்டிக்கு வைக்கும் ஆட்டோமேட்டிக் சுவிட்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓடும். தொட்டி நிரம்பினால்தான் நிற்கும். நடுவில் மட்டம் எங்கே இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. போடுவதற்கு ஓர் எல்லை, நிறுத்துவதற்கு வேறோர் எல்லை என்று வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் ஹிஸ்டெரிசிஸ் என்கிறார்கள். நம் ஃபேனுக்கு அது மூன்றே வரி:

```
if (h >= 80)      fanOn = true;
else if (h <= 70) fanOn = false;
digitalWrite(RELAY, fanOn ? LOW : HIGH);
```

இதில் 75 சதவீதத்துக்கு என்ன உத்தரவு என்று தேடினால் கிடைக்காது. `fanOn` பழைய நிலையிலேயே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த ஃபேன் ஓடும், நின்றிருந்தது நிற்கும். அதனால் அந்த மாறியை `loop()`க்கு வெளியே அறிவிக்க வேண்டும்; உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் நினைவு அழிந்துபோகும். கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகள் பல `LOW` கொடுத்தால்தான் இழுக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் பக்கத்தை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

சென்சார் உண்மையைவிட மூன்று சதவீதம் கூட்டிக் காட்டினால் என்ன ஆகும்? இரண்டு எல்லைகளும் சேர்ந்தே நகரும், இடைவெளி அப்படியே இருக்கும். இடைவெளி சமாளிக்க வேண்டியது எண்ணின் ஊசலாட்டத்தை மட்டும்தான். அதற்குப் பத்து சதவீதம் தாராளம்.

இந்த நிரலில் ஒரு பொறி இருக்கிறது. ஃபேன் மோட்டார் நிற்கும் நொடியில் ரிலேக்குள் தெறிக்கும் பொறியோ, தளர்ந்த ஒயரோ வாசிப்பைக் கெடுத்தால் எண்ணுக்குப் பதில் `nan` வரும். அதை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'இல்லை'தான். ஆகவே இரண்டு வரிகளும் வேலை செய்யாது. ஓடும் ஃபேன் விடிய விடிய ஓடும். `isnan(h)` என்று சோதித்து, தொடர்ந்து சில முறை அப்படி வந்தால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். எண் 99.9இலேயே உறைந்து நின்றால் சென்சார்மேல் நீர்த்துளி கோத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஷவருக்கு நேரே மாட்டாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சிக்கல் மழைக்காலத்தில்தான் முற்றுகிறது. சென்னையில் ஐப்பசி மழையில் வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குளியலறைக்குள் 30 டிகிரி, 80 சதவீதம். வெளியே இருப்பதுதான் அதிக ஈரம் என்று எண்கள் சொல்கின்றன, அது பொய். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். கணக்கிட்டால் உள்ளே ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி, வெளியே சுமார் 20 கிராம். ஃபேன் ஓடினால் அறை உலரத்தான் செய்யும். வெப்ப அளவும் நமக்கு வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் எவ்வளவு தூரம் உலரும்? வெளிக்காற்று உள்ளே வந்து 28 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் சுமார் 71 சதவீதம். நாம் வைத்த நிறுத்தும் எல்லை 70. ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடினாலும் அதைத் தொடப்போவதில்லை.

முறையான வழி, வெளியே இன்னொரு சென்சார் வைத்து சதவீதத்துக்குப் பதிலாகக் கிராம் கணக்கை ஒப்பிடுவது: உள்ளே 3 கிராம் கூடுதலானால் போடு, 1 கிராமுக்குக் குறைந்தால் நிறுத்து. ஹிஸ்டெரிசிஸ் அப்படியே இருக்கும், அளவுகோல்தான் மாறுகிறது. அவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் ஓடத் தொடங்கி அரை மணி நேரமானால் ஃபேன் தானாக நிற்கும்படி ஒரு வரி சேர்க்கலாம். நிறுத்தினால் மட்டும் போதாது. அடுத்த வாசிப்பே 80க்கு மேல் இருந்தால் மறுபடி ஓடிவிடும். குறைந்தது கால் மணி நேரம் ஓய்வு என்றும் எழுதிவையுங்கள்.